பின்தேதியிட்ட காசோலை: வாங்கும் நாள் முதல் திரும்பும் நாள் வரை

"மதுரையில் பெயின்ட், ஹார்டுவேர் மொத்த வியாபாரம் செய்கிறோம். சில்லறைக் கடைக்காரர்கள் 45 நாள், 60 நாள் தள்ளித் தேதி போட்டுக் காசோலை கொடுக்கிறார்கள். மாதம் நாற்பது, ஐம்பது சேர்ந்துவிடுகிறது. சிலவற்றை வங்கியில் போட மறந்துவிட்டோம். ஒன்று காலாவதியே ஆகிவிட்டது. போன வாரம் ஒன்று கணக்கில் பணம் இல்லை என்று திரும்பி வந்திருக்கிறது. இவற்றை எப்படிக் கணக்கு வைப்பது? திரும்பியதற்கு என்ன செய்வது?"

முதலில் திரும்பி வந்த அந்தக் காசோலையைக் கையில் எடுங்கள். மற்றவை காத்திருக்கும், அது காத்திருக்காது. அது திரும்பிய தகவல் உங்களுக்கு எந்தத் தேதியில் கிடைத்தது என்பதை இன்றே எழுதி வையுங்கள். வங்கியிலிருந்து குறுஞ்செய்தி ஒரு நாளும், ரிட்டர்ன் மெமோ எனப்படும் துண்டுச்சீட்டு வேறொரு நாளும் வந்திருந்தால், முந்திய தேதியையே வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதியிலிருந்து 30 நாட்களுக்குள் காசோலை கொடுத்தவருக்கு எழுத்து மூலம் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். அதைப் பற்றி விரிவாகப் பின்னால் சொல்கிறேன். இந்த ஒரு தேதி தவறிப் போய்விடக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே சொன்னேன்.

நான் விருதுநகரில் ஒரு மொத்தக் கடையில் 22 வருடங்களாகக் கணக்குப் பார்க்கிறேன். காசோலைகளை மறக்கிற கடைகளில் பெரும்பாலும் ஒரே பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். காசோலை வந்ததும் அதைக் கொடுத்த கடைக்காரரின் பெயரில், பேரேட்டின் அந்தப் பக்கத்தில் எழுதிவிடுகிறார்கள். "திண்டுக்கல் கடைக்காரர் எத்தனை காசோலை கொடுத்திருக்கிறார்?" என்று கேட்டால் உடனே பதில் கிடைக்கும். "நாளைக்கு எந்தெந்தக் காசோலையை வங்கிக்கு எடுத்துப் போக வேண்டும்?" என்று கேட்டால் எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டும். யாரும் தினமும் புரட்ட மாட்டார்கள். ஆகவே காசோலைக்கென்று தனிக் குறிப்பேடு வேண்டும். அது ஆள் வாரியாக இல்லாமல் தேதி வாரியாக இருக்க வேண்டும்.

மாதம் ஐம்பது காசோலைக்கு எக்செல் தாளே போதும். ஒரு காசோலைக்கு ஒரு வரி. வாங்கிய தேதி, கடையின் பெயர், எந்த பில்லுக்கு என்ற எண், ஆறு இலக்கக் காசோலை எண், வங்கியும் கிளையும், தொகை, காசோலையில் உள்ள தேதி என்று முதல் ஏழு கட்டங்கள் போகும். இவை வாங்கும் நாளிலேயே நிரம்பிவிடும். அடுத்து வருபவைதான் பலரும் விட்டுவிடுபவை: போட வேண்டிய தேதி, உண்மையில் போட்ட தேதி, இப்போதைய நிலை, திரும்பியிருந்தால் தகவல் கிடைத்த தேதி, அறிவிப்பு அனுப்ப வேண்டிய கடைசி நாள், அறிவிப்பு அவரிடம் போய்ச் சேர்ந்த தேதி, வழக்குப் போட வேண்டிய கடைசி நாள். பில் எண்ணை மட்டும் விட்டுவிடாதீர்கள். அந்தக் காசோலை எந்தக் கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்பதை நீதிமன்றத்தில் காட்ட வேண்டி வந்தால், உங்களைக் காப்பாற்றுவது அந்த எண்தான்.

முதல் ஏழு கட்டங்கள் A முதல் G வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். H போட வேண்டிய தேதி, I போட்ட தேதி, J நிலை, K திரும்பிய தகவல் கிடைத்த தேதி, L அறிவிப்புக்கான கடைசி நாள், M அறிவிப்பு சேர்ந்த தேதி, N வழக்குக்கான கடைசி நாள், O காசோலையை வங்கியில் போடுவதற்கு நாமே வைத்துக்கொள்ளும் எல்லை. வங்கி விடுமுறை நாட்களை S கட்டத்தில் வரிசையாக எழுதி வையுங்கள். பிறகு H, L, N, O கட்டங்களைத் தேதி வடிவத்துக்கு மாற்றிவிட்டு, இரண்டாம் வரியில் இந்தச் சூத்திரங்களைப் போட்டுக் கீழே இழுத்துவிடலாம்:

```
H2: =WORKDAY(G2-1,1,$S$2:$S$30)
L2: =IF(K2="","",K2+30)
N2: =IF(M2="","",EDATE(M2+15,1))
O2: =EDATE(G2,3)-15
```

முதல் சூத்திரம், காசோலைத் தேதி ஞாயிற்றுக்கிழமையிலோ விடுமுறையிலோ விழுந்தால் அடுத்த வேலை நாளைக் காட்டும். சனிக்கிழமை எல்லாவற்றையும் அது விடுமுறையாகவே கருதும். முதல், மூன்றாம், ஐந்தாம் சனிக்கிழமைகளில் வங்கி இயங்கினாலும், இரண்டு நாள் தள்ளிப் போடுவதால் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு நாள் முன்னதாகப் போட்டால் பின்தேதியிட்டது என்று காரணம் சொல்லித் திருப்பிவிடுவார்கள். அந்தத் திரும்பலை வைத்து நீங்கள் யார் மீதும் எதுவும் செய்ய முடியாது. H கட்டத்தை வரிசைப்படுத்தி, நிலை "கையில்" என்று உள்ளவற்றை மட்டும் வடிகட்டினால் நாளை போட வேண்டியவை மேலே வந்து நிற்கும். தினமும் மாலை கடை சாத்துவதற்கு முன் இரண்டு நிமிடம் அதைப் பார்க்க வேண்டும். யார் பார்ப்பது என்பது பெயர் சொல்லி ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டிருக்க வேண்டும்.

கடைசிச் சூத்திரத்துக்கு ஒரு காரணம் இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2012 ஏப்ரல் 1 முதல் காசோலையின் ஆயுளை அதில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதம் என்று குறைத்தது. அதற்கு முன் ஆறு மாதம் இருந்தது. பழைய வியாபாரிகள் சிலர் இன்றும் ஆறு மாதம் என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வங்கியில் மூன்று மாதத்துக்குள் போட்டுவிட்டால் போதும் என்பதும் சரியல்ல. அந்தக் காசோலை, அதன் ஆயுளுக்குள் எழுதியவரின் வங்கிக்குப் போய்ச் சேர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2001-இலேயே சொல்லிவிட்டது. கடைசி நாளில் பெட்டியில் போட்டுவிட்டு வந்தால் நடுவில் எங்காவது ஒரு நாள் தங்கி, ஆயுள் முடிந்துவிடும். அதனால்தான் 15 நாள் கழித்துக்கொண்டு ஒரு எல்லை வைக்கிறேன்.

உங்களிடம் ஏற்கெனவே காலாவதியான காசோலையைப் பற்றி: அது வெறும் காகிதமாகிவிட்டது, ஆனால் கடன் அழிந்துவிடவில்லை. பில்லும், சரக்கு இறங்கியதற்கான கையெழுத்தும் இருந்தால் பாக்கியைக் கேட்க முழு உரிமை உண்டு. உரிமையியல் வழக்குக்கு மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. முதலில் அந்தக் கடைக்காரரிடம் நேராகப் போய், பழையதைக் காட்டிப் புதிய காசோலை வாங்குங்கள். அவரே தேதியை மட்டும் திருத்திக் கையெழுத்திட்டுக் கொடுத்தாலும் செல்லும். தேதியைத் தவிர வேறு எதைத் திருத்தினாலும் இப்போதைய பட வழிக் கிளியரிங்கில் ஏற்க மாட்டார்கள். பெயரோ தொகையோ தவறாக இருந்தால் புதிய தாள்தான் வாங்க வேண்டும்.

இதையொட்டி, வாங்கும் நேரத்தில் விற்பனையாள் பார்க்க வேண்டியவற்றையும் சொல்லிவிடுகிறேன். எண்ணில் எழுதிய தொகையும் எழுத்தில் எழுதிய தொகையும் ஒன்றா? உங்கள் நிறுவனத்தின் பெயர் வங்கிக் கணக்கில் உள்ளபடியே இருக்கிறதா? இரட்டைக் கோடு போட்டிருக்கிறதா? தேதியில் ஆண்டு சரியா? ஜனவரி மாதத்தில் பழைய ஆண்டை எழுதித் தரும் காசோலை வருடந்தோறும் குறைந்தது இரண்டு வரும். அதைப் பிப்ரவரியில் கவனித்தால் அழுது பயனில்லை. பிறகு இரண்டு பக்கமும் தெளிவாகப் படம் எடுத்துக் கடைக்கு அனுப்பிவிட வேண்டும். தொகை 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால், பாசிட்டிவ் பே என்ற முறையில் காசோலை எழுதியவர் தன் வங்கிக்கு விவரத்தைத் தெரிவிக்கலாம். இது 2021 ஜனவரி 1 முதல் இருக்கிறது. 5 லட்சத்துக்கு மேல் பல வங்கிகள் இதைக் கட்டாயமாக்கிவிட்டன. பெரிய தொகைக்குக் காசோலை கொடுப்பவரிடம், போடுவதற்கு முந்தின நாள், "உங்கள் வங்கிக்குத் தெரிவித்துவிட்டீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பணம் இருந்தும் இதனால் திரும்பியவை உண்டு.

காசோலைத் தாள்களை வைக்க, 31 அறைகள் கொண்ட மடிப்புக் கோப்பு ஒன்று வாங்குங்கள். அறைக்கு ஒரு தேதி. இந்த மாதத்துக்கானவை மட்டும் அதில். வரும் மாதங்களுக்கானவை மாதத்துக்கு ஓர் உறையில், பூட்டிய அலமாரியில். மாதம் பிறந்ததும் உறையைப் பிரித்து அறைகளில் பரப்புங்கள். வாரம் ஒருமுறை, சனிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள், எக்செல் தாளில் "கையில்" என்று உள்ளவற்றின் எண்ணிக்கையும் தொகையும் கோப்பில் உள்ளவற்றோடு பொருந்துகிறதா என்று எண்ணிப் பாருங்கள். எக்செல் தாளில் இருந்துகொண்டு விற்பனையாளின் பையிலேயே கிடக்கும் காசோலையை வேறு எந்த வழியிலும் கண்டுபிடிக்க முடியாது.

வங்கியில் போடும்போது பெரிய தொகையைப் பெட்டியில் போட வேண்டாம். கவுன்டரில் கொடுத்துச் சலான் அடிக்கட்டையில் முத்திரை வாங்குங்கள். கேட்டால் அவர்கள் முத்திரை கொடுத்தாக வேண்டும். 2025 அக்டோபர் 4 முதல் கிளியரிங் முறை மாறியிருக்கிறது. இப்போது காலை 9 மணி முதல் பிற்பகல் 3 மணி வரை காசோலைப் படங்கள் தொடர்ச்சியாகப் போகின்றன, எழுதியவரின் வங்கி அன்று மாலை 7 மணிக்குள் சரி அல்லது இல்லை என்று சொல்ல வேண்டும். முன்பு, "காசோலை இன்று போட்டிருக்கிறார்கள், நாளை காலை பணம் கட்டிவிடலாம்" என்று சமாளித்துவந்த கடைக்காரருக்கு இப்போது அந்த ஓர் இரவு கிடையாது. நல்ல வாடிக்கையாளரின் காசோலைகூட இதனால் திரும்பலாம். அதனால் நாங்கள் இரண்டு நாள் முன்னதாகக் காசோலை எண், தொகை, போடப்போகும் தேதி மூன்றையும் எழுதி ஒரு செய்தி அனுப்புகிறோம். கடனைக் கேட்பதுபோல இல்லாமல் தகவலாகவே இருக்கும். இதைத் தொடங்கிய பிறகு எங்களுக்குத் திரும்பியவை கண்கூடாகக் குறைந்தன.

பேரேட்டைப் பற்றிச் சுருக்கமாக. பின்தேதியிட்ட காசோலையை வாங்கிய அன்றே பணம் வந்ததாக வரவு வைக்காதீர்கள். வைத்தால் அவருடைய பாக்கி பூஜ்யம் என்று காட்டும். விற்பனையாள் அதை நம்பி மறுபடியும் கடனுக்குச் சரக்கு ஏற்றுவார். டாலியில் ரசீது வவுச்சர் போடும்போது Ctrl+T அழுத்தினால் அது Post-Dated என்று பதிவாகும். அந்தத் தேதி வரும்வரை பாக்கியில் கழியாது. கடன் வரம்பைப் பார்க்கும்போது, கையில் உள்ள காசோலைத் தொகையும் வராத பணம்தான் என்ற நினைப்பு வேண்டும். காசோலை திரும்பினால் பழைய வரவு வவுச்சரை அழிக்காமல், திரும்பிய தேதியில் எதிர்ப்பதிவு போடுங்கள். வந்ததும் போனதும் இரண்டும் கணக்கில் தெரிய வேண்டும். வங்கி பிடித்த கட்டணத்தை அவர் கணக்கில் பற்று எழுதலாம். காசோலை திரும்பியதற்காக நீங்கள் அவரிடம் வசூலிக்கும் தண்டத் தொகைக்கு ஜி.எஸ்.டி. கிடையாது என்று 2022 ஆகஸ்டில் வரித்துறை சுற்றறிக்கை விளக்கியிருக்கிறது.

இனி நான் அதிகம் சொல்ல விரும்பும் இடத்துக்கு வருகிறேன். காசோலை திரும்புவதற்கு முன்பே, "அண்ணாச்சி, இன்னும் பத்து நாள் பொறுத்துப் போடுங்கள்" என்ற தொலைபேசி அழைப்பில்தான் பெரும்பாலான நஷ்டம் தொடங்குகிறது. எங்களிடம் நடந்த ஒன்றைத் தேதியோடு சொல்கிறேன்.

ஒரு கடைக்காரர், எங்களோடு ஏழெட்டு வருடப் பழக்கம். 2025 செப்டம்பர் 11-ஆம் தேதி பில்லுக்கு, 60 நாள் கழித்து நவம்பர் 10 தேதியிட்டு, 1,84,000 ரூபாய்க்குக் காசோலை கொடுத்திருந்தார். நாங்கள் அனுப்பிய செய்தியைப் பார்த்து நவம்பர் 8 அன்று அழைத்தார். வசூல் வரவில்லை, தள்ளிப் போடுங்கள் என்றார். ஒப்புக்கொண்டோம். ஆனால் தொலைபேசியோடு விடாமல், "நவம்பர் 10 தேதியிட்ட இந்த எண் காசோலையை உங்கள் வேண்டுகோளின்படி 20-ஆம் தேதிக்குத் தள்ளி வைக்கிறோம்" என்று ஒரு செய்தி அனுப்பி, அவரிடமிருந்து "சரி" என்று பதில் வாங்கினோம். எக்செல் தாளில் H கட்டத்தில் புதிய தேதியும், அதன் பக்கத்தில் யார் கேட்டது என்பதும் ஏறின.

நவம்பர் 15 அன்று அவர் யு.பி.ஐ. மூலம் 40,000 ரூபாய் அனுப்பினார். இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். கையில் உள்ள காசோலை 1,84,000 ரூபாய்க்கு இருக்கிறது, ஆனால் அவர் தர வேண்டியது 1,44,000 தான். அப்படியே வங்கியில் போட்டு அது திரும்பியிருந்தால் எங்களிடம் வழக்கே இருந்திருக்காது. காசோலையை எழுதிய பிறகு ஒரு பகுதி பணம் கொடுக்கப்பட்டு, அதைக் குறிக்காமல் முழுத் தொகைக்கும் காசோலையைப் போட்டால், அது திரும்பினாலும், காசோலை திரும்புவதைக் குற்றமாக்கும் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின் கீழ்க் குற்றம் ஆகாது என்று 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. போடும் நாளில் அந்தத் தொகை முழுவதும் கடனாக இருந்திருக்க வேண்டும் என்பதே அதன் சாரம். பகுதித் தொகை வந்ததைக் காசோலையிலேயே குறித்து மீதிக்கு மட்டும் போடலாம் என்று அதே சட்டத்தின் 56-ஆம் பிரிவு வழி சொல்கிறது. ஆனால் இயந்திரம் படிக்கும் காலத்தில் கவுன்டரில் அதை விளக்கி ஏற்க வைப்பது கடினம். எளிய வழி, மீதித் தொகைக்குப் புதிய காசோலை வாங்கிக்கொண்டு பழையதைத் திருப்பிக் கொடுத்துவிடுவது. நாங்கள் அதைத்தான் செய்தோம். 1,44,000 ரூபாய்க்கு நவம்பர் 25 தேதியிட்ட காசோலை வந்தது. எக்செல் தாளில் பழைய வரி "மாற்றியது" என்று முடிந்து, புதிய வரி தொடங்கியது.

நவம்பர் 25, செவ்வாய்க்கிழமை போட்டோம். அன்று மாலையே போதிய பணம் இல்லை என்று திரும்பியது. மெமோ 26-ஆம் தேதி கைக்கு வந்தது. L கட்டம் டிசம்பர் 26 என்று காட்டியது. அவரை அழைத்தோம். டிசம்பர் 8 அன்று மறுபடி போடுங்கள், கட்டாயம் பணம் இருக்கும் என்றார்.

மறுபடி போடலாமா என்று பலர் பயப்படுகிறார்கள். போடலாம். காசோலையின் மூன்று மாத ஆயுளுக்குள் எத்தனை முறை வேண்டுமானாலும் போடலாம், கடைசியாகத் திரும்பியதை வைத்தும் வழக்குத் தொடரலாம் என்று 2012-இல் எம்.எஸ்.ஆர். லெதர்ஸ் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு சொன்னது. அதற்கு முன் 1998-இல் வந்த தீர்ப்பு வேறு மாதிரி இருந்தது. அதைப் படித்தவர்கள் இன்னும் தவறாகச் சொல்வதுண்டு. ஆனாலும் நான் இரண்டு முறைக்கு மேல் போடுவதில்லை. ஒவ்வொரு முறையும் இரு பக்கமும் வங்கிக் கட்டணம் ஏறுகிறது. கடைக்காரருக்கும், இவர்கள் போட்டுக்கொண்டே இருப்பார்கள் என்ற தைரியம் வந்துவிடுகிறது. உங்களுக்கு ஏற்கெனவே 30 நாள் கடந்து போயிருந்தால் மட்டும் இந்த வழி ஒரு வரம்: காசோலைக்கு ஆயுள் மீதி இருந்தால் மறுபடி போட்டு, புதிய மெமோவிலிருந்து நாட்களை எண்ணத் தொடங்கலாம்.

டிசம்பர் 8 அன்று மறுபடி போட்டோம். மறுபடியும் திரும்பியது. மெமோ 9-ஆம் தேதி வந்தது. கடைசி நாள் ஜனவரி 8. அதுவரை காத்திருக்காமல் டிசம்பர் 15 அன்று வழக்கறிஞர் மூலம் அறிவிப்பு அனுப்பினோம்.

அறிவிப்பைப் பற்றி நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் பல வழக்குகள் இங்கேதான் சாகின்றன. காசோலை எண், தேதி, வங்கி, தொகை, எந்தக் கடனுக்காக, எப்போது போட்டது, என்ன காரணம் சொல்லித் திரும்பியது, தகவல் எப்போது கிடைத்தது என்பவை இருக்க வேண்டும். பிறகு, காசோலைத் தொகையை இந்த அறிவிப்பு கிடைத்த 15 நாட்களுக்குள் தர வேண்டும் என்ற கோரிக்கை. கேட்கும் தொகை காசோலையில் உள்ள தொகையேதான். பழைய பாக்கி, வட்டி, வழக்கறிஞர் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி ஒரே தொகையாகக் கேட்டால் அறிவிப்பு செல்லாததாகிவிடும். அவற்றைக் கேட்டே ஆக வேண்டும் என்றால் காசோலைத் தொகையைத் தனியாக, ஐயமில்லாமல் குறிப்பிட்டுவிட்டுத் தனி வரியில் கேட்கலாம். எண்ணைத் தட்டச்சு செய்வதில் ஒரு இலக்கம் தவறினாலும் ஆபத்து. அனுப்புவதற்கு முன் காசோலையின் படத்தை வைத்துக்கொண்டு ஒருவர் படிக்க ஒருவர் சரிபாருங்கள்.

யாருக்கு அனுப்புவது என்பதும் முக்கியம். தனிநபர் கடை என்றால் உரிமையாளருக்கு. கூட்டு நிறுவனம் என்றால் நிறுவனத்துக்கும், கையெழுத்திட்ட பங்குதாரருக்கும், பொறுப்பில் உள்ள மற்றவர்களுக்கும். முகவரியைப் பழைய பில்லிலிருந்து எடுக்காமல், ஜி.எஸ்.டி. தளத்தில் அவருடைய பதிவு எண்ணைத் தேடி, அங்குள்ள முகவரியோடு ஒப்பிடுங்கள். ஒப்புகையோடு கூடிய பதிவுத் தபாலாக அனுப்புங்கள். 2025-இல் அது ஸ்பீட் போஸ்ட்டோடு இணைக்கப்பட்டுவிட்டதால், தபால் நிலையத்தில் பதிவும் ஒப்புகையும் வேண்டும் என்று தனியாகக் கேட்டு வாங்குங்கள். அவர் வாங்க மறுத்தாலும், கதவு பூட்டியிருந்தது என்று திரும்பினாலும், சரியான முகவரிக்கு அனுப்பியிருந்தால் சேர்ந்ததாகவே சட்டம் கருதும். அந்த உறையைப் பிரிக்காமல் வைத்திருங்கள்.

எங்கள் அறிவிப்பு டிசம்பர் 18 அன்று சேர்ந்தது. சேர்ந்த நாளை விட்டுவிட்டு எண்ணினால் 15 நாள் ஜனவரி 2-இல் முடிகிறது. அதற்குள் அவர் கொடுத்துவிட்டால் குற்றம் இல்லை. கொடுக்கவில்லை என்றால் மறுநாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் நீதித்துறை நடுவர் நீதிமன்றத்தில் புகார் தாக்கல் செய்ய வேண்டும். N கட்டம் பிப்ரவரி 2 என்று காட்டியது. சட்டப்படி இன்னும் ஒரு நாள் கிடைக்கும். ஆனால் ஒரு நாள் முன்னதாகவே இருக்கட்டும் என்று சூத்திரத்தை அப்படி வைத்திருக்கிறேன். அந்த 15 நாள் முடிவதற்குள் அவசரப்பட்டுப் போட்டாலும் புகார் நிற்காது. இங்கே 30 நாள் என்பது நாட்கணக்கு, ஒரு மாதம் என்பது நாட்காட்டி மாதம். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். நீங்கள் திண்டுக்கல்லுக்கோ தேனிக்கோ அலைய வேண்டியதில்லை. 2015-இல் வந்த திருத்தத்தின்படி, உங்கள் கணக்கு உள்ள வங்கிக் கிளை எந்த நீதிமன்ற எல்லைக்குள் இருக்கிறதோ அங்கேயே போடலாம். உங்களுக்கு அது மதுரைதான்.

குற்றம் நிரூபணமானால் இரண்டு ஆண்டு வரை சிறையோ, காசோலைத் தொகையைப் போல இரு மடங்கு வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2018 திருத்தத்துக்குப் பிறகு, வழக்கு நடக்கும்போதே காசோலைத் தொகையில் 20 சதவிகிதம் வரை இடைக்கால இழப்பீடு தரச் சொல்ல நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஆனால் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கும் என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். முப்பது, நாற்பதாயிரம் ரூபாய்க்கு நான் வழக்குக்குப் போகச் சொல்வதில்லை. அறிவிப்பை மட்டும் எந்தத் தொகைக்கும் அனுப்புவேன், ஏனென்றால் பணம் பெரும்பாலும் அந்த 15 நாட்களுக்குள்தான் வருகிறது.

திரும்பிய காரணத்தைப் பொறுத்தும் நடவடிக்கை மாறும். போதிய பணம் இல்லை, கணக்கு மூடப்பட்டது, பணம் தர வேண்டாம் என்று எழுதியவரே நிறுத்தினார், கையெழுத்து பொருந்தவில்லை ஆகிய எல்லாவற்றுக்கும் 138-ஆம் பிரிவு பொருந்தும் என்று நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. கணக்கு மூடப்பட்டது என்று வந்தால் மறுபடி போடுவதில் அர்த்தமில்லை. அன்றே வழக்கறிஞரைப் பாருங்கள். படம் தெளிவில்லை, தேதி வரவில்லை, எண்ணும் எழுத்தும் பொருந்தவில்லை என்று வந்தால் அது வேறு. சண்டை வேண்டாம், சரிசெய்து மறுபடி போடுங்கள் அல்லது புதியது வாங்குங்கள்.

ஒரே ஆள் கொடுத்த நான்கைந்து காசோலைகள் கையில் இருக்கும்போது ஒன்று திரும்பினால், மற்றவற்றையும் அவற்றின் தேதியில் போடத்தான் வேண்டும். அவர் கேட்டார் என்று எல்லாவற்றையும் நிறுத்தி வைத்தால் ஒவ்வொன்றின் ஆயுளும் தனித்தனியே கரையும். ஒவ்வொன்றுக்கும் மெமோ தேதி, அறிவிப்பு தேதி எல்லாம் தனித்தனி. கடன் சரக்கை மட்டும் அன்றே நிறுத்துங்கள், ரொக்கத்துக்குக் கொடுக்கலாம்.

அறிவிப்புக்குப் பிறகு அவர் பத்தாயிரம், இருபதாயிரம் என்று அனுப்பத் தொடங்கினால் வாங்க மறுக்க வேண்டாம். ஆனால் எந்த பில்லுக்கான வரவு என்று எழுதி ரசீது அனுப்புங்கள், அதே நாளில் வழக்கறிஞருக்கும் தெரிவியுங்கள். நாம் சொல்லாமல் விட்ட தொகை நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பின் வாயிலிருந்து வந்தால் நம் மீதுள்ள நம்பிக்கை போய்விடும்.

எங்கள் கடைக்காரர் டிசம்பர் 30 அன்று 1,44,000 ரூபாயையும் நெஃப்ட் மூலம் அனுப்பிவிட்டார். திரும்பிய காசோலையை அவரிடம் கொடுப்பதற்கு முன் காசோலைக்கும் இரண்டு மெமோக்களுக்கும் நகல் எடுத்தோம். காசோலையைத் திரும்பப் பெற்றுக்கொண்டதாக அந்த நகலின் பின்புறம் அவரிடம் தேதியோடு கையெழுத்து வாங்கிய பிறகுதான் எக்செல் தாளில் அந்த வரியை மூடினோம். அவருடைய டிசம்பர், ஜனவரித் தேதிக் காசோலைகள் இரண்டு அப்போதும் கோப்பில் இருந்தன. இரண்டும் குறித்த தேதியில் போய்ப் பணமாகின.